வெள்ளைக்குள் இன்னும் ஒரு நீர்

உரக்கடையில் போர்டோ கலவைக்கென்று மயில்துத்தம் கேட்டால் நீலக் கட்டிகளாகப் பொட்டலம் கட்டித் தருவார்கள். நாட்டு மருந்துக் கடையில் அதற்குத் துருசு என்று பெயர். ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தால் உடைந்த முகம் கண்ணாடிபோல் பளபளக்கும். எத்தனை துண்டாக நொறுக்கினாலும் உள்ளே ஈரம் தென்படாது. சுற்றி வந்த செய்தித்தாளும் நனைந்திருக்காது. ஆனால் ஒரு கிலோ மயில்துத்தத்தில் 361 கிராம் தண்ணீர்தான். செடிக்குப் பூசணம் வராமல் காக்கிற தாமிரம் அதில் 254 கிராம்தான் இருக்கிறது. கடைக்காரர் இதில் எந்தக் கலப்படமும் செய்யவில்லை. அந்தத் தண்ணீர் இல்லாமல் அந்தப் படிகமே இல்லை.

கல்லுக்குள் தண்ணீர் என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது, எங்கோ ஒரு பொந்தில் அது மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான். அப்படி மாட்டிக்கொள்ளும் தண்ணீரும் உண்டு. திருஷ்டி கழித்த கல்லுப்பை அடுப்பில் போட்டால் படபடவென்று வெடிக்கிறதே, அது அந்த வகை. உப்பளத்தில் பாத்தி வற்றி உப்பு விளையும்போது கொஞ்சம் உப்புநீர் உள்ளே அடைபட்டுவிடுகிறது. நெருப்பு பட்டதும் அது ஆவியாகிக் கல்லைப் பிளக்கிறது. ஆனால் அந்த நீருக்குக் கணக்கு கிடையாது. ஒரு கல்லில் கூடுதலாக இருக்கும், இன்னொன்றில் இருக்கவே இருக்காது. முழுக்க உலர்த்திவிட்டாலும் உப்பு உப்பாகவே இருக்கும், அதே படிக வடிவில்.

மயில்துத்தத்தின் நீர் அப்படிப்பட்டதில்லை. எந்த ஊர்க் கட்டியை எடுத்தாலும், பெரியதோ சிறியதோ, ஒரு தாமிர அயனிக்கு ஐந்து நீர் மூலக்கூறு. வேதியியல் புத்தகம் இதை CuSO₄·5H₂O என்று எழுதுகிறது. இந்த வாய்பாட்டில் எனக்கு எப்போதும் கண் போய் நிற்கிற இடம் நடுவில் இருக்கும் புள்ளி. அது பெருக்கல் குறியில்லை, கூட்டல் குறியும் இல்லை. உப்பு இருக்கிறது, அதோடு ஐந்து நீர் இருக்கிறது என்று மட்டும் அது சொல்கிறது. அந்த ஐந்தும் எங்கே, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று கேட்டால் புள்ளியிடம் பதிலில்லை. ஐந்து என்ற எண்ணிக்கையைத் தராசும் நெருப்பும் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். இடம் தெரிய இன்னொரு வழி வேண்டியிருந்தது.

முதலில் நெருப்பு. பள்ளியில் செய்துகாட்டுவது சோதனைக் குழாயில்தான். உலர்ந்த குழாயின் அடியில் ஒரு சிட்டிகை நீலப் படிகத்தைப் போட்டு, வாய்ப்பக்கம் சற்றே தாழ்ந்திருக்கும்படி சாய்த்துப் பிடித்துச் சிறு சுடரில் காட்டுவோம். சாய்ப்பதற்குக் காரணம் உண்டு. உள்ளிருந்து கிளம்பும் ஆவி குழாயின் குளிர்ந்த வாய்ப்பக்கம் போய்த் துளியாகப் படியும். குழாய் நிமிர்ந்திருந்தால் அந்தத் துளி ஓடிவந்து சூடான அடிப்பகுதியில் விழும், குழாய் விரிசல் விட்டுவிடும். இந்த ஒரு தவற்றில் உடைந்த குழாய்கள் எல்லாப் பள்ளி ஆய்வகங்களிலும் உண்டு.

சூடு ஏற ஏற, படிகத்தின் ஓரங்கள் முதலில் மங்கும். பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு பூத்ததுபோல் ஆகும். பிறகு நீலம் வெளிறும், வெளிறிய நீலம் சாம்பல் கலந்த வெள்ளையாகும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், கட்டி தன் உருவத்தை இழப்பதில்லை. முனைகளும் முகங்களும் அப்படியே நிற்கும். ஆனால் ஒரு கரண்டி முனையால் இலேசாகத் தொட்டால் பொலபொலவென்று மாவாக உதிர்ந்துவிடும். தண்ணீர் வெறுமனே பொந்துகளை நிரப்பிக்கொண்டு இருந்திருந்தால் அது போன பிறகும் சுவர்கள் நின்றிருக்கும். இங்கே சுவரே போய்விட்டது.

குழாயின் வாயில் படிந்த துளிகளையும் பாருங்கள். நிறமில்லாத சாதாரணத் தண்ணீர். இந்த இடத்தில்தான் வகுப்பறையில் ஒரு வாக்கியம் சொல்லப்படும்: படிகத்துக்கு நிறம் தருவது அதிலுள்ள நீர், நீர் போனதால் நிறம் போயிற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால் கண்முன்னே இருப்பதோடு இதை ஒட்டிப் பார்த்தால் உறுத்தும். நீலம் நீருடையது என்றால் வெளியேறிய துளி நீலமாக இருந்திருக்க வேண்டும். சரி, நீலம் தாமிரத்துடையது என்று மாற்றிச் சொல்லலாமா? தாமிரம் முழுவதும் அடியில்தான் கிடக்கிறது, ஒரு துளிகூட வெளியே போகவில்லை, ஆனாலும் அது வெள்ளையாக இருக்கிறது.

இதே குழாயில் எப்சம் உப்பைச் சூடாக்கினால் அதுவும் நீரை விடும். அதன் வாய்பாட்டில் ஏழு நீர் உண்டு. ஆனால் முன்பும் வெள்ளை, பின்பும் வெள்ளை. படிகாரமும் அப்படித்தான். கோபால்ட் குளோரைடு நீரை இழக்கும்போது நிறத்தை இழக்காமல் இளஞ்சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறுகிறது. ஆகவே நீர் என்பது சாயம் இல்லை. மயில்துத்தக் கரைசலில் அம்மோனியாவை மிகுதியாக ஊற்றினால் நீரை நகர்த்திவிட்டு அம்மோனியா தாமிரத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அப்போது நிறம் போகவில்லை, இன்னும் அடர்ந்த கருநீலமாகிறது.

நிறத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று தேடுவதற்கு முன், அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருந்த இடக்கணக்கைப் பார்த்துவிட வேண்டும். இதில் மயில்துத்தத்துக்கு ஒரு வரலாற்றுப் பெருமையே உண்டு. 1912இல் மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் லவே என்ற இயற்பியலாளரின் யோசனைப்படி வால்டர் ஃபிரீட்ரிஷும் பால் நிப்பிங்கும் ஒரு படிகத்தின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்தினார்கள். பின்னால் வைத்த புகைப்படத் தகட்டில் புள்ளிகள் விழுந்தன. படிகத்துக்குள் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன, எக்ஸ் கதிர் ஒரு அலை என்ற இரண்டு செய்திகளையும் ஒரே தகடு சொன்னது. அவர்கள் முதலில் வெற்றி கண்ட படிகம் காப்பர் சல்பேட். 1914ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு லவேக்குப் போனது.

ஆனால் அந்தப் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இடத்தை அப்போது படித்தறிய முடியவில்லை. மயில்துத்தப் படிகத்தில் சமச்சீர் மிகக் குறைவு, எந்த இரண்டு அச்சும் செங்கோணத்தில் சந்திக்காது. உப்பு, வைரம்போன்ற ஒழுங்கான படிகங்கள் முதலில் வழிவிட்டன. மயில்துத்தத்தின் உள்ளமைப்பு வெளியாக 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பீவர்ஸ், லிப்சன் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது இது. தாமிர அயனியைச் சுற்றி நான்கு நீர் மூலக்கூறுகள் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில் நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 ஆங்ஸ்ட்ராம் தொலைவில். அந்தச் சதுரத்துக்கு மேலும் கீழும் சற்றுத் தள்ளி, ஏறக்குறைய 2.4 ஆங்ஸ்ட்ராமில், சல்பேட்டின் ஆக்சிஜன் ஒவ்வொன்று. ஐந்தாவது நீர் தாமிரத்தைத் தொடவே இல்லை. அது பக்கத்து நீர்களுக்கும் சல்பேட்டுக்கும் நடுவே ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டு தனியே நிற்கிறது. 5H₂O என்று ஒரே மூச்சில் எழுதுகிறோமே, அந்த ஐந்தும் ஒரே வீட்டில் இல்லை.

இப்போது நிறம். தாமிர அயனியின் 3d துணைக்கூட்டில் ஒன்பது எலக்ட்ரான்கள் இருக்கின்றன, பத்துக்கு இடம் உண்டு. சுற்றிலும் யாருமே இல்லையென்றால் அந்த இடங்களெல்லாம் ஒரே ஆற்றல் மட்டத்தில் இருக்கும். அண்டை மூலக்கூறுகள் நெருங்கி வரும்போது சில இடங்கள் மேலேறுகின்றன, சில கீழிறங்குகின்றன. கீழிருக்கும் ஓர் எலக்ட்ரான் ஒளியை விழுங்கிக் காலியாக உள்ள மேலிடத்துக்குத் தாவுகிறது. எந்த ஒளியை விழுங்கும் என்பதை அந்த இடைவெளி தீர்மானிக்கிறது, இடைவெளியை அண்டை வீட்டார் தீர்மானிக்கிறார்கள். நான்கு நீர் சூழ்ந்திருக்கும்போது இடைவெளி சிவப்பு ஒளிக்கும் அதைத் தாண்டிய அகச்சிவப்புக்கும் பொருந்துகிறது. வெள்ளை வெளிச்சத்திலிருந்து சிவப்பு உறிஞ்சப்பட்டால் நம் கண்ணுக்கு மிஞ்சுவது நீலம்.

நீர் வெளியேறியதும் அந்த நான்கு மூலைகளிலும் சல்பேட்டின் ஆக்சிஜன்கள் வந்து நிற்கின்றன. நீரைவிட அவை தாமிரத்தின் எலக்ட்ரான்களை மெதுவாகவே நெருக்குகின்றன. இடைவெளி சுருங்குகிறது. விழுங்கப்படும் ஒளி சிவப்பிலிருந்து நழுவி முழுக்க அகச்சிவப்புக்குள் போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி எதையும் அந்த மாவு தொடுவதில்லை, எல்லாவற்றையும் சிதறடித்துவிடுகிறது, ஆகவே வெள்ளை. அகச்சிவப்பைப் பார்க்கிற கண் நமக்கு இருந்திருந்தால் நீரற்ற காப்பர் சல்பேட்டும் நிறமுள்ள பொருளாகத்தான் தெரியும். அம்மோனியா இதற்கு நேரெதிர். நீரைவிட அதிகமாக நெருக்கும், இடைவெளி விரியும், விழுங்கப்படும் ஒளி சிவப்பிலிருந்து மஞ்சள் பக்கம் நகரும், நீலம் அடர்ந்துகொண்டே போகும்.

ஆக, அந்தச் சுடர்மேல் நாம் பார்க்கிற நிறமாற்றம் தாமிரத்தின் அண்டை வீட்டார் மாறியதைக் காட்டுகிறது. அது காட்டுவது அவ்வளவுதான். எத்தனை நீர் போயிற்று, எல்லாம் போயிற்றா என்ற கேள்விகளுக்கு அது பதில் சொல்லாது. இந்த வேறுபாட்டை விட்டுவிடுவதால்தான் படிக நீரைக் கணக்கிடும் சோதனை பலருக்குத் தப்பிப்போகிறது.

ஏனென்றால் ஐந்து நீரும் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. ஏறக்குறைய 63 டிகிரி செல்சியஸில் இரண்டு, 109 டிகிரியில் மேலும் இரண்டு. மிஞ்சிய ஒன்று 200 டிகிரி வரை பிடிவாதமாக நிற்கும். சூடாக்கும் வேகமும் சுற்றுக் காற்றின் ஈரமும் இந்த எண்களைக் கொஞ்சம் முன்பின் நகர்த்தும், படிகள் மாறாது. கடைசியாகப் போவது தாமிரத்தைத் தொடாத அந்த ஐந்தாவது நீர்தான் என்று சில புத்தகங்கள் எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. நான்கு நீர் போனபின் இருப்பது பழைய படிகத்தின் மிச்சமில்லை, புதிதாக அடுக்கிக்கொண்ட வேறொரு படிகம். அந்த ஒற்றை நீர் உப்பில், மிஞ்சிய நீர் இரண்டு தாமிர அயனிகளுக்கு நடுவே பாலமாகக் கட்டுண்டு இருக்கிறது. முதலில் எந்த இடத்தில் நின்றிருந்தாலும், கடைசியில் அது தாமிரத்தோடுதான் இருக்கிறது. அது எளிதில் போகாததற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

சோதனை செய்பவர் மறக்கக் கூடாத செய்தி இனிதான் வருகிறது. அந்த ஒற்றை நீர் உப்பும் கிட்டத்தட்ட வெள்ளைதான். நீலம் போய்விட்டது என்று நாம் அடுப்பை அணைக்கும் நேரத்தில் உள்ளே ஒரு நீர் மிச்சமிருக்கலாம்.

ஒரு கணக்கைச் செய்தே பார்க்கலாம். மாணவர் ஒருவர் குருசிபிள் என்று ஆய்வகத்தில் சொல்லும் சிறிய பீங்கான் கிண்ணத்தை மூடியோடு முதலில் வெறுமனே சூடாக்கி, ஆறவைத்து எடை போடுகிறார்: 24.310 கிராம். கல்வத்தில் இலேசாக உடைத்த மயில்துத்தத்தைப் போட்டபின் 26.807. ஆக எடுத்த படிகம் 2.497 கிராம். கிண்ணத்தைக் களிமண் முக்கோணத்தில் உட்காரவைத்து, மூடியைச் சற்றே விலக்கி, சிறு சுடரில் மெல்ல வாட்டுகிறார். சிறிது நேரத்தில் உள்ளே வெள்ளை.

“சார், வெள்ளையாயிடுச்சு. இறக்கிடலாமா?”

“இறக்கு. ஆனா முடிஞ்சுதுன்னு நெனச்சுக்காத.”

இடுக்கியால் எடுத்து, டெசிகேட்டரில் ஆறவைத்து எடை போட்டால் 26.079. இழந்தது 0.728 கிராம், மிஞ்சியது 1.769 கிராம். மிஞ்சியதை எல்லாம் நீரற்ற உப்பு என்று வைத்துக்கொண்டு 159.6ஆல் வகுத்தால் 0.01108 மோல். இழந்த நீரை 18.02ஆல் வகுத்தால் 0.0404 மோல். ஒன்றை ஒன்றால் வகுத்தால் கிடைப்பது 3.6 சொச்சம்.

மாணவர் திகைப்பது நியாயம். நான்கு நீர் போயிருந்தால் விடை நான்கு என்றாவது வந்திருக்க வேண்டாமா? இங்கேதான் கணக்கின் நுட்பம் இருக்கிறது. போகாமல் தங்கிய ஐந்தாவது நீர் சும்மா இருக்கவில்லை. அது உப்பின் எடையோடு சேர்ந்து உப்பாகவே எண்ணப்பட்டுவிட்டது. நீரின் பக்கம் ஒன்று குறைகிறது, உப்பின் பக்கம் பொய்யாக ஏறுகிறது. பிழை இரண்டு பக்கமும் ஒரே திசையில் இழுக்கிறது. சரியாக நான்கு நீர் மட்டும் போன நிலையில் இந்த வகுத்தல் 3.6 என்றே தரும். ஆகவே 3.6 என்ற விடை வெறும் தவறில்லை, அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு சேதி. ஒற்றை நீர்ப் படியில் நீ நிற்கிறாய் என்று அது சொல்கிறது.

மறுபடி சூடாக்கி, ஆறவைத்து எடை போடுகிறார்: 25.921. இப்போது கணக்கு 4.87 காட்டுகிறது. கண்ணுக்கு எந்த மாற்றமும் இல்லை, முன்பிருந்த அதே வெள்ளைதான். ஆனால் 0.158 கிராம் தண்ணீர் போயிருக்கிறது. மூன்றாம் முறை 25.909. நான்காம் முறை 25.908. இரண்டு எடைகளுக்கும் நடுவே ஒரு மில்லிகிராம்தான் வித்தியாசம் என்றால் போதும், இனி போவதற்கு ஒன்றும் இல்லை. மிஞ்சியது 1.598, இழந்தது 0.899, விடை 4.98. ஐந்து என்று எழுதலாம். இப்படி எடை அசையாமல் நிற்கும்வரை சூடாக்குவதை மாறா எடை என்பார்கள். இந்தச் சோதனையின் உயிர் அதில் இருக்கிறது, நிறத்தில் இல்லை.

மற்றப் பிழைகளும் இப்படித் தத்தம் அடையாளத்தை விடையில் விட்டுவிட்டே போகின்றன. சுடரைத் திடீரென்று பெரிதாக்கினால் ஆவி வெளியேற இடமில்லாமல் படிகங்கள் துள்ளும். மூடியின் உட்புறத்தில் வெளுத்த பொடி ஒட்டியிருந்தால் தப்பில்லை, மூடியும் சேர்த்துத்தான் எடை போடுகிறோம். மேசைமேல் விழுந்ததுதான் சிக்கல். நம் கணக்கில் 0.05 கிராம் படிகம் தெறித்துப் போயிருந்தால் அதுவும் நீராகக் கணக்கில் சேர்ந்து, விடை 5.3 ஆகும்.

இதைவிடப் பெரிய கெடுதல் சூடு மிகுந்துபோவது. 600 டிகிரியை நெருங்கும்போது நீரற்ற உப்பே சிதையத் தொடங்குகிறது. கந்தக டிரை ஆக்சைடு புகையாகக் கிளம்பும், அடியில் கருப்பாகக் காப்பர் ஆக்சைடு நிற்கும். புன்சன் அடுப்பின் முழுச் சுடரில் கிண்ணத்தின் அடி அந்தச் சூட்டைத் தொடுவது கடினமே இல்லை. உப்பில் பத்தில் ஒரு பங்கு இப்படிச் சிதைந்தால்கூட விடை 5.7க்குப் போய்விடும். கண்டுபிடிப்பது எளிது. ஓரத்தில் கரும்புள்ளிகள் தெரியும், மூக்கை அரிக்கும் நெடி வரும், அதை முகர்ந்து பார்க்க வேண்டாம். ஐயம் இருந்தால் எடையெல்லாம் முடிந்தபின் மிஞ்சிய வெள்ளையைத் தண்ணீரில் கரையுங்கள். நல்ல உப்பென்றால் தெளிந்த நீலக் கரைசல் கிடைக்கும். அடியில் கருப்பு வண்டல் தங்கினால் சூடு மீறிவிட்டது. மணல் தொட்டியில் வைத்துச் சூடாக்குவதும், வெப்பநிலை காட்டும் அடுப்பில் 250 டிகிரிக்கு அருகே வைப்பதும் இந்தத் தொல்லைக்கு இடம் தராது.

ஆறும்போது திறந்து வைத்தால் வேறு கதை. நீரற்ற காப்பர் சல்பேட்டுக்கு நீர்மேல் தீராத ஆசை. மழைக்காலத்தில் மூடாமல் வைத்த கிண்ணத்தில் மேற்பரப்பு கொஞ்ச நேரத்திலேயே இளநீலம் பூக்கத் தொடங்கும், எடை ஏறும், விடை ஐந்துக்குக் கீழே இறங்கும். டெசிகேட்டர் இதற்காகத்தான். சூடாக இருக்கும்போதே தராசில் வைத்துவிடலாமே என்றால் அதுவும் கூடாது. சூடான கிண்ணத்தைச் சுற்றிக் காற்று மேலெழும்பி, எடையைக் குறைத்துக் காட்டும்.

வெளிறிப்போவதெல்லாம் நீர் போனதாகவும் ஆகாது. பெரிய கட்டி அடர்நீலமாக இருக்கிறது. அதையே கல்வத்தில் நன்றாக அரைத்தால் வெளிர்நீல மாவாகிறது. ஒரு துளி நீரும் போகவில்லை. நுண்துகள்களின் எண்ணற்ற முகங்கள் ஒளியை உள்ளே ஆழமாகப் போகவிடாமல் சிதறடிப்பதால் வந்த வெளிறல் அது. ஆனால் கோடையில் திறந்து கிடந்த மூட்டையில் கட்டிகளின்மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது உண்மையிலேயே நீர் போனதால்தான். அந்தப் பொடியில் ஒரு கிராமுக்குத் தாமிரம் கூடுதலாகவே இருக்கிறது. அதைப் பார்த்துச் சரக்கு கெட்டுவிட்டது என்று விலை குறைத்துக் கேட்பவருக்கு லாபம்தான்.

நீரற்ற வெள்ளைப் பொடியில் தண்ணீரைச் சொட்டினால் நீலம் திரும்பி வருவதையும் வகுப்பில் காட்டுவார்கள். நாம் அடிக்கடி கவனிக்காமல் விடுவது அப்போது எழும் சூடு. ஒரு மோல் உப்பு தன் ஐந்து நீரையும் திரும்ப எடுத்துக்கொள்ளும்போது ஏறக்குறைய 78 கிலோஜூல் வெளிப்படுகிறது. சொட்டு விழுந்ததும் குழாயை விரலால் தொட்டால் நன்றாகவே தெரியும், பொடி அதிகம் இருந்தால் சீறும். நெருப்பில் நாம் செலவழித்ததில் ஒரு பகுதி அப்படித் திரும்பி வருகிறது. நீர் இருக்கிறதா என்று அறிய இந்த நீலத்தை நம்பலாம். அது தூய நீரா என்று அறிய நம்பக் கூடாது. உப்புக் கரைத்த நீர், எச்சில், தண்ணீர் கலந்த சாராயம் எல்லாமே அதை நீலமாக்கும்.

வேதியியல் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. விடை ஐந்து என்பது மாணவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். எடைகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு நோட்டில் எழுதிவிடுவதும் நமக்குத் தெரியாததில்லை. அதற்குப் பதிலாக இப்படிச் செய்து பாருங்கள். மயில்துத்தத்தை நன்றாக உடைத்து ஒரு பகுதியை ஹாட் ஏர் ஓவனில் 120 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை வையுங்கள், இன்னொரு பகுதியை 250 டிகிரியில். ஆறியதும் இரண்டையும் இறுக மூடிய இரண்டு குப்பிகளில் பெயர் எழுதாமல் கொடுத்து, எது எது என்று கேளுங்கள். இரண்டும் வெள்ளை. இரண்டிலும் தண்ணீர் சொட்டினால் நீலம் வரும். குருசிபிளில் சூடாக்கி எடை போட்டவருக்கு மட்டும் ஒரு குப்பியின் உப்பு நூற்றுக்குப் பத்துப் பங்கு எடை குறைந்திருப்பது தெரியும், மற்றது அசையாமல் இருக்கும். நோட்டில் ஐந்து என்று எழுதியிருப்பதைப் பார்க்காமல், இரண்டாவது எடையையும் மூன்றாவது எடையையும் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள்.